பூத்தையலைப் பின்பக்கத்திலிருந்து படிப்பது

எம்பிராய்டரி போட்ட துணி கைக்கு வந்ததும் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் நம் கண்ணுக்குப் படுவது பூவும் இலையும். நூல் எந்தத் துளையில் மேலே வந்தது, எதில் கீழே இறங்கியது, நடுவில் எதைப் பிடித்துக்கொண்டது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். அந்த மூன்றும் தெரிந்துவிட்டால் தையலின் பெயர் தானே தெரிந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னால் பாதி நேரம் தவறாகத்தான் போகும், ஏனென்றால் அச்சாக ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு தையல்கள் உள்ளே முற்றிலும் வேறான பாதையில் போயிருக்கலாம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ், அது இல்லையென்றால் செல்போன் கேமராவின் ஜூம். நூலை நகர்த்திப் பார்க்க முனை மழுங்கிய ஊசி ஒன்று. கூர்மையான ஊசி வேண்டாம், அது இழையைப் பிளந்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும். நேர் மேலிருந்து விழும் விளக்கில் எல்லாத் தையலும் தட்டையாகிவிடும்.

ஒரே துணியை வைத்துப் பார்ப்போம். வெள்ளைக் காட்டன் தலையணை உறை, அதன் மூலையில் ஒரு பூங்கொத்து. பச்சைக் காம்பு, இரண்டு இலை, ஐந்து இதழுள்ள ஒரு பூ, பூவின் நடுவில் மஞ்சள் புள்ளிகள். பள்ளிக்கூடத் தையல் வகுப்பிலிருந்து கடை அலமாரி வரைக்கும் எங்கும் பார்க்கக் கிடைக்கும் வடிவம்தான் இது.

காம்பில் தொடங்கலாம். முன்பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த கண்ணிகளாகத் தெரிகிறது. செயின் ஸ்டிட்ச் என்று உடனே சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம், ஸ்ப்ளிட் ஸ்டிட்சும் தூரத்தில் இப்படித்தான் இருக்கும். மழுங்கிய ஊசியால் ஒரு கண்ணியின் நடுவைத் தொட்டுப் பாருங்கள். செயின் ஸ்டிட்ச் என்றால் இரண்டு பக்கமும் இரண்டு முழு நூல்கள் இருக்கும், நடுவில் துணி தெரியும். ஸ்ப்ளிட் என்றால் இருப்பது ஒரே நூல், ஊசி அதைக் குத்திப் பிளந்துகொண்டு வந்திருக்கும், இரண்டு பக்கமும் இருப்பது அந்த ஒரே நூலின் பாதிப் பாதி இழைகள். அதனால் கோடும் மெல்லியதாக இருக்கும். ஸ்டெம் ஸ்டிட்ச் என்றால் கண்ணியே இராது, கயிறு முறுக்கியது மாதிரிச் சாய்ந்த கோடுகள் ஒன்றையொன்று தழுவிப் போகும்.

இந்த ஒரு இடத்தில் பின்பக்கம் நம்மை ஏமாற்றும். செயின் ஸ்டிட்சுக்கும் ஸ்டெம் ஸ்டிட்சுக்கும் பின்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலும் சிறிய நேர்த்தையல்கள் நுனியோடு நுனி தொட்டு, முன்பக்கத்தில் போட்ட பேக் ஸ்டிட்ச் மாதிரி ஓடும். எனவே கோட்டுத் தையலை முன்பக்கத்தில் கண்ணியை வைத்து முடிவு செய்துவிட்டு, பின்பக்கத்தில் வேறு விஷயத்தைத் தேட வேண்டும். அது என்ன என்று சொல்வதற்கு முன் செயின் ஸ்டிட்ச் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம்.

ஊசி ஒரு துளையில் மேலே வருகிறது. நூலை வளையமாக விட்டு இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, அதே துளையில் ஊசியைத் திரும்ப இறக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வளையத்துக்குள்ளேயே மேலே எடுக்கிறோம். இழுத்தால் ஒரு கண்ணி. அடுத்த கண்ணியின் இரண்டு கால்களும் முந்தைய கண்ணியின் தலைக்குள்ளிருந்து புறப்படும். எனவே ஒவ்வொரு கண்ணிக்கும் தொடக்கம் குறுகல், முடிவு உருண்டை. உருண்டைத் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் தைத்தவரின் கை போயிருக்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடிக்க அடுத்த கண்ணி இல்லாததால், அதன் தலைக்கு மேல் ஒரு சின்னப் பூட்டுத் தையல் போட்டு நிறுத்துவார்கள். நம் காம்பில் அந்தப் பூட்டு எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்தாலே தைத்தவர் பூவிலிருந்து கீழே வந்தாரா, கீழிருந்து பூவுக்குப் போனாரா என்று சொல்லிவிடலாம்.

இது வெறும் துப்பறியும் விளையாட்டல்ல, பழுது பார்க்கும்போது கைகொடுக்கும். காம்பின் நடுவில் நூல் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த கண்ணிக்கு முந்தையது, அதாவது தொடக்கத்தின் பக்கம் இருப்பது, இப்போது பிடிமானம் இல்லாமல் இருக்கிறது. அங்கே தொங்கும் நூலை இழுத்தால் தொடக்கம் வரை மளமளவென்று உருவிக்கொண்டு போய்விடும். அறுந்த இடத்துக்கு அடுத்த பக்கம் அப்படி உருவாது, ஏனென்றால் அந்தக் கண்ணிகளைப் பிடித்திருக்கும் பூட்டு இன்னும் கடைசியில் இருக்கிறது. எனவே முதல் வேலை, முந்தைய கண்ணியின் தலையில் ஒரு பூட்டு. எந்தப் பக்கம் முந்தையது என்று தெரியாமல் தவறான பக்கத்தில் பூட்டுப் போட்டால் ஒரு பயனும் இல்லை.

சரி, இந்தச் செயினை ஊசியால் போட்டார்களா, ஆரியால் போட்டார்களா? இதைத்தான் பலரும் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். தமிழ்நாட்டில் கல்யாணப் பிளவுஸ் என்றாலே ஆரி வொர்க் என்றாகிவிட்ட காலத்தில் கூலியே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஆரி என்பது நுனியில் கொக்கி வெட்டிய ஊசி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் அடியில் நூல் இருக்கும், கொக்கி மேலிருந்து குத்தி நூலை வளையமாக மேலே இழுத்து வரும், அந்த வளையத்துக்குள்ளேயே மறுபடி குத்தி அடுத்த வளையத்தை எடுக்கும். குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தாரின் கைகளில் பேர் பெற்ற முறை இது.

ஊசிச் செயினும் ஆரிச் செயினும் முடிந்தபின் நூலின் பாதை ஒன்றேதான். ஒரு கண்ணியை மட்டும் லென்ஸில் வைத்துப் பார்த்து எவராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. சொல்வதாக யாராவது அடித்துப் பேசினால் நம்ப வேண்டாம். வித்தியாசம் நூலின் நீளத்தில் இருக்கிறது. ஊசியில் கோத்த நூல் வழக்கமாக ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் அளவு. அதற்கு மேல் வைத்தால் சிக்கும், துணிக்குள் நுழைந்து நுழைந்து பிசிறும். செயின் ஸ்டிட்சுக்கு மேலே இரண்டு நூல், கீழே ஒரு நூல் என்று கோட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நூல் வேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கொஞ்சம் கழித்தால் ஒரு முறை கோத்த நூலில் 12 சென்டிமீட்டர் கோடு வரும். எனவே ஊசி வேலையின் பின்பக்கத்தில் ஏறக்குறைய ஒரு சாணுக்குள் ஒரு இணைப்பு தெரிந்தாக வேண்டும். பழைய நூலின் வால் சில தையல்களுக்கு அடியில் நுழைத்து முடிக்கப்பட்டிருக்கும், அந்த இடம் மட்டும் தடித்திருக்கும். ஆரியில் நூல் கண்டிலிருந்தோ ரீலிலிருந்தோ நேராக வருவதால் ஒரு மீட்டர் வளைகோடு கூட இணைப்பே இல்லாமல் போகும், நிறம் மாறும் இடத்தில் மட்டும் வால் இருக்கும். நம் உறையின் காம்பு பத்து சென்டிமீட்டர்தான் என்றால் இந்தச் சோதனை பயன்படாது. நீளமான கொடி இருக்கும் வேலையில்தான் இது தெளிவாகப் பேசும்.

ஆரிக்கு இன்னொரு தடயம் அதன் தவறுகளில் இருக்கிறது. கொக்கியைச் சரியாகத் திருப்பாமல் மேலே எடுத்தால் துணியின் சொந்த இழை ஒன்றையும் சேர்த்து இழுத்து வந்துவிடும். கண்ணிக்குள் துணி நிறத்தில் ஒரு மெல்லிய முடி தலைகாட்டினால் அங்கே கொக்கி போயிருக்கிறது. ஊசியின் தவறுகள் வேறு மாதிரி. அதே துளையில் இறங்காமல் சற்றுத் தள்ளி இறங்கினால் கண்ணியின் அடி விரிந்து ஏணி போலாகும், பின்பக்கத்திலும் ஒற்றைக் கோடு குலைந்து இங்குமங்கும் சாயும். அளவுக்கு மீறி இழுத்தால் கண்ணியின் கண் மூடி, தூரத்தில் ஸ்டெம் ஸ்டிட்சாகத் தெரியும். கூர்மையான திருப்பத்தில் பூட்டுப் போட்டு நிறுத்தாமல் அப்படியே திரும்பியிருந்தால் மூலைக் கண்ணி படுத்துவிடும், முனை மழுங்கிப் போகும். காம்பிலிருந்து கிளை பிரியும் இடத்தில் இதைப் பார்க்கலாம்.

இனி இலை. முன்பக்கத்தில் இரண்டு இலைகளும் பளபளவென்று ஒரே மாதிரி இருக்கின்றன, நூல்கள் பக்கத்தில் பக்கமாக நெருங்கிப் படுத்திருக்கின்றன. சாட்டின் ஸ்டிட்ச். திருப்பினால் ஒரு இலை பின்பக்கத்திலும் முழு இலையாக, முன்பக்கத்தைப் போலவே நிறைந்திருக்கிறது. மற்ற இலையின் பின்பக்கத்திலோ ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளித்தையல்கள் மட்டும், நடுவில் வெறும் வெள்ளைத் துணி. முதலாவது முறையான சாட்டின். அதில் ஊசி ஒரு ஓரத்தில் மேலே வந்து, மறு ஓரத்தில் இறங்கி, துணிக்கு அடியிலேயே முதல் ஓரத்துக்குத் திரும்பும். இரண்டாவது சர்ஃபேஸ் சாட்டின். மறு ஓரத்தில் இறங்கிய ஊசி அங்கேயே ஒரு நூல் அளவு நகர்ந்து மேலே வந்து முன்பக்கமாகவே திரும்பும்.

ஏன் இரண்டு விதம்? நூல் செலவு. 2 சென்டிமீட்டர் நீளமும் சராசரி 5 மில்லிமீட்டர் அகலமும் உள்ள இலைக்கு, இரட்டை இழையில் முறையான சாட்டினுக்கு ஏறக்குறைய 30 முதல் 35 சென்டிமீட்டர் வேண்டும். சர்ஃபேஸ் சாட்டினுக்கு அதில் பாதியை விடச் சற்றுக் கூடுதல் போதும். பட்டு நூல் விலை அதிகமான வேலைகளில் இது சிறிய விஷயம் இல்லை. ஆனால் முறையான சாட்டின் அடியிலும் நூல் இருப்பதால் சற்று மேடாக, நிறைவாக நிற்கும். சர்ஃபேஸ் தட்டையாகப் படுக்கும், நூல்கள் ஓரத்தில் திரும்பும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழும். இந்த இரண்டையும் ஒரே துணியில் பார்த்தால், தைத்தவருக்குப் பாதியில் பச்சை நூல் தீர்ந்துகொண்டு வந்தது என்று ஊகிக்கலாம். அல்லது இரண்டு இலைகளையும் இரண்டு பேர் போட்டிருக்கலாம்.

சாட்டினில் தவறு என்றால் பெரும்பாலும் மூன்றுதான். ஓரம் பல்பல்லாக இருந்தால், கீழே கோட்டின் மேல் முன்கூட்டியே பேக் ஸ்டிட்சோ ஸ்ப்ளிட் ஸ்டிட்சோ ஓட்டவில்லை என்று பொருள். அந்த அடித்தையலுக்கு வெளியே ஊசியை இறக்கினால்தான் ஓரம் வெட்டியது மாதிரி வரும். துணி சுருங்கியிருந்தால் சட்டத்தில் இழுத்துக் கட்டாமல் கையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள், அல்லது ஒவ்வொரு தையலையும் இறுக்கி இழுத்திருக்கிறார்கள். மினுக்கம் மங்கியிருந்தால் நூல் முறுக்கேறிப் போயிருக்கிறது. ஆறிழை நூலிலிருந்து இரண்டு இழை வேண்டும் என்றால் இரண்டையும் தனித்தனியாக உருவி, மறுபடி சேர்த்துக் கோக்க வேண்டும். ஒட்டியபடியே பிரித்தெடுத்தால் இழைகள் முறுக்கிக்கொண்டு ஒளியைச் சிதறடிக்கும். நீளத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய சாட்டின் தையல் வளையலிலும் நகத்திலும் மாட்டி இழுபடும்.

அந்த எல்லையால்தான் நம் பூவின் இதழ்கள் வேறாக இருக்கின்றன. ஒன்றரை சென்டிமீட்டர் நீளமான இதழ், ஓரத்தில் இளஞ்சிவப்பு, உள்ளே போகப் போகக் கருஞ்சிவப்பு. இது லாங் அண்ட் ஷார்ட். முதல் வரிசை மட்டும் ஒரு நீளம் ஒரு குட்டை என்று மாறி மாறி வரும், அடுத்த வரிசை அந்த நூல்களின் நுனியைப் பிளந்துகொண்டு புறப்படும். நிறம் மாறும் இடத்தில் நேர்கோடு விழுந்தால் அது இரண்டு சாட்டின் பட்டைகள். கோடே தெரியாமல் பல்லோடு பல் கோத்திருந்தால் லாங் அண்ட் ஷார்ட்.

சாட்டின் என்று எல்லோரும் ஏமாறும் இன்னொரு துணி பஞ்சாபின் புல்காரி. முறுக்காத பட்டு நூல், கையால் நெய்த கதர்த் துணியின் மேல் பளபளக்கும். ஆனால் அது டார்னிங் ஸ்டிட்ச், துணியின் பின்பக்கத்திலிருந்து இழைகளை எண்ணி எண்ணிப் போட்டது. நீண்ட நூல் முன்பக்கத்தில் மிதக்கும், பின்பக்கத்தில் ஓரிரு துணியிழையை மட்டும் பிடித்த சிறு புள்ளிகள். சர்ஃபேஸ் சாட்டினில் புள்ளிகள் வடிவத்தின் ஓரத்தில் மட்டும் இருக்கும். புல்காரியில் அவை வடிவம் முழுவதும் வரிசை வரிசையாகப் பரவியிருக்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

மஞ்சள் புள்ளிகளுக்கு வருவோம். பிரெஞ்ச் நாட் என்றால் மேலிருந்து பார்க்கும்போது சின்ன உருண்டை, நடுவில் ஒரு குழி. அந்தக் குழியில்தான் நூல் இறங்கியிருக்கிறது. ஊசி மேலே வந்ததும் நூலை ஊசியில் ஒரு சுற்று அல்லது இரண்டு சுற்று சுற்றி, ஒன்றிரண்டு துணியிழை தள்ளி ஊசியை இறக்குவார்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சே துளை வழியாகப் பின்பக்கம் போய்விடும். ஊசியை இழுக்கும்போது இடது கை நூலை இறுக்கிப் பிடித்தபடி இருக்க வேண்டும். விட்டுவிட்டால் முடிச்சின் ஒரு பக்கத்தில் காது மாதிரி வளையம் தொங்கும். கண் பகுதி பருத்த ஊசியைப் பயன்படுத்தினால் சுற்றுகள் கண்ணில் மாட்டி இழுபடும். அடியிலிருந்து நுனி வரை ஒரே பருமனாக இருக்கும் மில்லினர்ஸ் ஊசி இதற்குத்தான். முடிச்சு பெரிதாக வேண்டும் என்றால் சுற்றுகளைக் கூட்டுவதை விட இழைகளைக் கூட்டுவது நல்லது. நான்கைந்து சுற்று போட்ட முடிச்சு நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்துவிடும்.

குழியைச் சுற்றி நூல் ஒரே திசையில் சுழன்றிருந்தால் பிரெஞ்ச் நாட். எட்டு வடிவில் சுற்றிப் போடும் கலோனியல் நாட் சற்று உயரமாக, இன்னும் உருண்டையாக நிற்கும். புள்ளியாக இல்லாமல் நீள உருளையாகப் படுத்திருந்து, மேலே ஸ்பிரிங் மாதிரிச் சுற்றுகள் வரிசையாகத் தெரிந்தால் அது புல்லியன் நாட். லக்னோவின் சிக்கன் எம்பிராய்டரியிலும் இப்படி இரண்டு வகை முடிச்சு உண்டு. தினை போல உருண்டது பந்தா, அரிசி போல நீண்டது முர்ரி. குர்த்தாவை வாங்கும்போது அந்த மேட்டை விரலால் தடவினாலே வேறுபாடு தெரியும்.

பின்பக்கத்தில் பிரெஞ்ச் நாட் தன்னைப் பற்றி அதிகம் சொல்லாது. இறங்கிய இடத்திலிருந்து அடுத்த முடிச்சுக்கு நூல் தாவிப் போன கோடுகள்தான் இருக்கும். ஆனால் தைத்தவரைப் பற்றி நிறையச் சொல்லும். முடிச்சுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் தாவல் பரவாயில்லை. ஒன்றரை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வெள்ளைத் துணியின் அடியில் நூல் தாவியிருந்தால் முன்பக்கத்தில் நிழலாடும், துவைக்கும்போது மாட்டி முடிச்சை இழுக்கும்.

மெஷின் வேலையைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றையும் விட எளிது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் மேல்நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று. பின்பக்கத்தில் பாபினின் வெள்ளை நூல் தெரியும், சாட்டின் பட்டை என்றால் நடுவில் வெள்ளைப் பட்டையாக ஓடும். துணி சுருங்காமல் இருக்க அடியில் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்த தாளின் மிச்சம் ஓரங்களில் ஒட்டியிருக்கும். மெஷின் சாட்டினை லென்ஸில் பார்த்தால் நூல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இராமல் ஆங்கில வி மாதிரி மாறி மாறிச் சாய்ந்திருக்கும். முடிச்சு என்று காட்டுவது ஒரே இடத்தில் குவித்த தையல்களாக இருக்கும், நடுவில் குழி இராது. சிக்கல் தருவது கொக்கி மெஷின். பாரிஸில் 1860களில் வந்த கோர்னெலி வகை மெஷின் ஆரியைப் போலவே ஒற்றை நூலில் செயின் போடும், பாபின் கிடையாது. அங்கே திருப்பங்களைப் பாருங்கள். கையால் போடுபவர் வளைவில் கண்ணியைத் தானாகவே குட்டையாக்குவார். மெஷினில் நேர்கோட்டிலும் வளைவிலும் கண்ணியின் நீளம் மாறாது. பிளவுஸுக்கு லைனிங் வைத்துத் தைத்துவிட்டால் பின்பக்கம் பார்க்க வழியில்லை. எனவே தையல் கூலி பேசும்போதே, லைனிங் வைக்கும் முன் பிளவுஸின் கைப்பகுதியைக் காட்டச் சொல்லுங்கள்.

நூலே போய்விட்ட பழந்துணியிலும் தையலைப் படிக்கலாம். சீனாவில் சாங்ஷா அருகே மாவாங்துயியில் 1972இல் தோண்டத் தொடங்கிய கல்லறைகளில் 2100 ஆண்டுக்கு மேற்பட்ட பட்டுத் துணிகள் கிடைத்தன. அவற்றின் எம்பிராய்டரியில் பெரும்பகுதி செயின் ஸ்டிட்ச், கண்ணிகள் இன்றும் எண்ணும்படி இருக்கின்றன. நம் வீட்டுப் பழைய துணிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இராது. பாட்டி காலத்து மேஜை விரிப்பில் நூல் தேய்ந்து உதிர்ந்திருக்கும், துளைகள் மட்டும் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். சம இடைவெளியில் ஒற்றை வரிசைத் துளைகள் என்றால் அங்கே இருந்தது செயின், ஸ்டெம் போன்ற ஏதோ ஒரு கோட்டுத் தையல். துளைகள் அகன்று, இரண்டு நூல் ஒன்றாகப் போன தடம் இருந்தால் செயினுக்கே வாய்ப்பு அதிகம். வடிவத்தின் இரண்டு ஓரங்களிலும் நெருக்கமாகத் துளைகள், நடுவில் எதுவும் இல்லை என்றால் சாட்டின். நடுவிலும் சிதறலாகத் துளைகள் இருந்தால் லாங் அண்ட் ஷார்ட். ஒன்றிரண்டு துணியிழை இடைவெளியில் இரட்டை இரட்டையாகத் துளைகள் தனித்து நின்றால் முடிச்சுகள். மீண்டும் தைக்கப் போகிறவர் அந்தத் துளைகளிலேயே ஊசியை விடலாம். அதற்கு முன் விரிப்பைத் துவைக்காமல் இருப்பது நல்லது, தண்ணீர் பட்டால் காட்டன் இழைகள் நகர்ந்து துளைகள் மூடிக்கொள்ளும்.